240 பேர் பேட்சில் ரேங்க் பட்டியல் ஒட்டும்போதெல்லாம் என் படிப்புத் திட்டம் கலைந்துபோகிறது

வைகைக்கரை எழுதியது:

வணக்கம். மதுரையில் ஒரு பயிற்சி மையத்தில் குரூப் 4 பேட்சில் இருக்கிறேன். ஒரே ஹாலில் கிட்டத்தட்ட 240 பேர். இது எனக்கு முதல் முயற்சி. பி.எஸ்சி. முடித்து ஒன்றரை வருடம் ஒரு கடையில் கணக்கு எழுதிவிட்டு வந்திருக்கிறேன்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 200 கேள்வி முழுத் தேர்வு வைப்பார்கள். மறுநாள் காலையில் ரேங்க் பட்டியலை வாசலில் ஒட்டி, வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிடுவார்கள். முதல் 40 பேருக்கு முன்பெஞ்ச். மீதிப் பேர் வருகிற வரிசையில் உட்கார வேண்டும், தாமதமானால் தூணுக்குப் பின்னால்தான் இடம்.

கடைசி நான்கு தேர்வில் என் ரேங்க் 84, 109, 71, 118. விடுதியில் என் அறைத் தோழி 20-க்குள்ளேயே இருக்கிறாள். 109 வந்தபோது பயந்துபோய், நான் படித்துக்கொண்டிருந்த 8ஆம் வகுப்பு அறிவியலைப் பாதியில் விட்டுவிட்டு, அவள் படிக்கிற 11ஆம் வகுப்பு அரசியல் அறிவியலுக்குத் தாவினேன். 71 வந்தது. சரியான முடிவுதான் என்று நினைத்தேன். அடுத்ததில் 118. இப்போது எட்டாம் வகுப்பும் முடியவில்லை, பதினொன்றும் முடியவில்லை. அப்பா ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் முதல் கேள்வியே "எத்தனையாவதும்மா?" என்பதுதான்.

ரேங்கைப் பார்க்காமலும் இருக்க முடியவில்லை, பார்த்தால் என் வேகம் கெடுகிறது. இதை எப்படிச் சமாளித்தீர்கள்?

புதுசு_2026 எழுதியது:

அக்கா, 240 பேர் என்றால் அதிகம்தான். 50 பேர் மட்டும் இருக்கிற மையம் மதுரையில் எங்கே இருக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்கும் உதவும். முதல் ரேங்க் வாங்க ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிக்க வேண்டும்?

வைகைக்கரை எழுதியது:

தம்பி, நான் மையம் மாற்றுவது பற்றிக் கேட்கவில்லை. பணம் கட்டியாகிவிட்டது, பாடமும் நன்றாகத்தான் நடத்துகிறார்கள்.

திண்டுக்கல்_பூட்டு எழுதியது:

ரேங்க் என்பதே சும்மா, தூக்கிப் போடுங்கள். குழுவை மியூட் செய்யுங்கள். போன முறை உங்கள் பிரிவுக்குக் கட் ஆஃப் எவ்வளவு என்று பார்த்து, அதற்கு மேல் ஐந்து கேள்வி வைத்து அதையே இலக்காக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வேறு எதுவும் வேண்டாம்.

நிலக்கோட்டை_நூலகம் எழுதியது:

சகோதரி, நான் இரண்டு முறை எழுதி, இரண்டாவது முறையில் இளநிலை உதவியாளராக வந்தவன். பதில் சொல்வதற்கு முன் ஒரு விவரம் தாருங்கள். ரேங்க் சொன்னீர்கள், அந்த நான்கு தேர்விலும் எத்தனை கேள்வி சரி என்று சொல்லவில்லை. அப்புறம், பட்டியலில் 125-லிருந்து 135 வரை சரியாக எழுதியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்ல முடியுமா?

வைகைக்கரை எழுதியது:

இப்போதுதான் குழுவில் போய் எண்ணினேன் அண்ணா. என் சரியான விடைகள் வரிசையாக 131, 128, 134, 129. கடைசிப் பட்டியலில் 236 பேர் இருக்கிறார்கள். 125 முதல் 135 வரை 71 பேர்.

நிலக்கோட்டை_நூலகம் எழுதியது:

நீங்கள் எழுதிய இரண்டு வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சரியான விடைகளில் அதிகத்துக்கும் குறைவுக்கும் வித்தியாசம் 6 கேள்வி. ரேங்கில் வித்தியாசம் 47. நீங்கள் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஒரே இடத்தில்தான் நிற்கிறீர்கள், உங்களைச் சுற்றித்தான் கூட்டம் நெரிசலாக இருக்கிறது.

71 பேர் 11 மதிப்பெண் படிகளில் நிற்கிறார்கள் என்றால் ஒரு படிக்கு ஆறு ஏழு பேர். நடுவில் இருக்கிறவர் ஒரு கேள்வி தவறவிட்டால் ஆறு ஏழு இடம் இறங்குவார். உங்கள் தோழி இருக்கிற மேல்பக்கம் போய் எண்ணுங்கள், ஒரு படிக்கு ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். அவர் மூன்று கேள்வி விட்டாலும் நான்கைந்து இடம்தான் நகருவார். அவர் ரேங்க் நிலையாக இருப்பதற்கு அவர் படிப்பு ஒரு காரணம், அந்த இடத்தில் ஆள் குறைவு என்பதும் ஒரு காரணம்.

இன்னொன்று. குரூப் 4-இல் தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், அதனால் தெரியாத கேள்விக்கும் எல்லோரும் ஏதோ ஒன்றை நிழலிடுகிறோம். அதுதான் சரியும்கூட. ஆனால் சுத்தமாகத் தெரியாமல் 40 கேள்வி போட்டால் நான்கில் ஒன்று என்ற கணக்கில் 10 விழ வேண்டும். ஒரு தேர்வில் 7 விழும், இன்னொன்றில் 13 விழும், உங்கள் படிப்பில் எந்த மாற்றமும் இல்லாமலே. இரண்டு விடைகளுக்கு நடுவில் ஊசலாடிப் போடுகிற கேள்விகளையும் சேர்த்தால், மொத்தத்தில் 4 கேள்வி மேலோ கீழோ போவது சாதாரணம். மேலே 4, கீழே 4, ஆக 8 படி. படிக்கு ஆறு பேர் என்றால் 48 இடம். உங்கள் 71-க்கும் 118-க்கும் இடைவெளி 47.

71 வந்ததற்கு 11ஆம் வகுப்பு அரசியல் அறிவியல் காரணம் என்று நினைத்தீர்கள். அந்தப் புத்தகத்தைத் தொட்டு எத்தனை நாள் ஆகியிருந்தது?

வைகைக்கரை எழுதியது:

ஆறு நாள். அந்தத் தேர்வில் அதிலிருந்து இரண்டே கேள்விதான் வந்தது என்று ஞாபகம். ஒன்று தவறு.

திண்டுக்கல்_பூட்டு எழுதியது:

அதைத்தானே நானும் சொன்னேன், ரேங்க் சும்மா என்று.

நிலக்கோட்டை_நூலகம் எழுதியது:

பாதி சரி தோழர். நடுக்கூட்டத்தில் ரேங்க் ஆடுவது சும்மாதான். ஆனால் நீங்கள் சொன்ன கட் ஆஃப் இலக்கும் அதே மாதிரி ஆடுகிற பொருள்தான். 2024 ஜூன் 9 அன்று நடந்த தேர்வுக்கு அறிவிப்பில் இருந்த இடங்கள் 6,244. 2025 ஜூலை 12 தேர்வுக்கு 3,935. வினாத்தாளின் கடினமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். போன வருட எண்ணைச் சுவரில் ஒட்டினால், அதைத் தாண்டியதும் நிம்மதியாகிவிடுவோம், தாண்டாவிட்டால் கைவிட்டுவிடுவோம். இரண்டையும் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இறுதியில் ஆணையம் வெளியிடும்போது மொத்தத் தரவரிசையோடு வகுப்புவாரித் தரவரிசையும் வரும். பெண்களுக்கு 30 சதவீதம், ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீதம் என்று அதற்குள்ளும் ஒதுக்கீடு. வாசலில் ஒட்டுகிற பட்டியலில் இவை எதுவும் கிடையாது. உங்களுக்கு மேலே இருக்கிற 117 பேரில் எத்தனை பேர் உண்மையில் உங்களோடு ஒரே இடத்துக்குப் போட்டி என்று அந்தத் தாள் சொல்லாது.

கணக்கு_வாத்தியார் எழுதியது:

நான் ஒரு சிறிய மையத்தில் திறனறிவு நடத்துகிறேன், எங்கள் ஊர் மதுரை இல்லை. பட்டியல் ஒட்டுகிற பக்கத்திலிருந்து இரண்டு விஷயம் சொல்கிறேன்.

முதல் 30, 40 பேரில் பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது வருடம் படிக்கிறவர்கள்தான் இருப்பார்கள். பல மையங்களில் போன பேட்சுக்கு வைத்த வினாத்தாளையே கேள்வி வரிசையை மாற்றித் திரும்ப வைப்போம். புதுத் தாள் தயாரிக்க ஆள் கிடையாது. பழைய மாணவர் அந்தத் தாளை ஒரு முறை எழுதி, விடை விவாதமும் கேட்டவர். புதிதாக வந்த பிள்ளை அவரோடு தன்னை ஒப்பிட்டு அழுவதைப் பார்க்கும்போது எனக்குக் குற்ற உணர்வாக இருக்கும்.

அப்புறம் அந்தப் பகுதித் தேர்வுகள். "இந்த வாரம் 7ஆம் வகுப்பு வரலாறு" என்று சொல்லி வைக்கிற தேர்வில் முந்தின இரவு படித்தவர் முதலிடம் வருவார். அதே பிள்ளை ஆறு வாரம் கழித்து முழுத் தேர்வில் அதே பாடத்தில் தடுமாறுவார். வைகைக்கரை, உங்கள் ரேங்க் எல்லாம் முழுத் தேர்வில் வந்ததா என்று உறுதிசெய்து கொள்ளுங்கள், இரண்டையும் கலந்து பார்க்கவே கூடாது.

முதல்பெஞ்ச் எழுதியது:

எல்லோரும் ரேங்க் பட்டியலைத் திட்டுகிறீர்கள். நான் அதனால்தான் படித்தேன். 160-இல் இருந்தேன், அந்தப் பட்டியல் முன்னால் நின்று வெட்கப்பட்ட பிறகுதான் காலை நான்கரைக்கு எழ ஆரம்பித்தேன். முன்பெஞ்சில் உட்கார்ந்தவர்களோடு பேசித்தான் தமிழில் இலக்கணப் பகுதியை எப்படிப் படிப்பது என்று தெரிந்தது. ஒப்பீடு இல்லையென்றால் நான் இன்னும் 160-இல்தான் இருந்திருப்பேன்.

ஞாயிறு_டெஸ்ட் எழுதியது:

எனக்கு இரண்டு பிள்ளைகள், கீழ்வீட்டில் மாமியார். ஞாயிறு தேர்வுக்கு மட்டும்தான் போகிறேன், வகுப்புக்குப் போவதில்லை. ஒரு நாளைக்குக் கிடைப்பது இரண்டரை மணி நேரம். பட்டியலில் என் பெயர் எப்போதும் 150-க்குக் கீழேதான். முதலில் அழுகை வந்தது. இப்போது பட்டியலைப் பார்ப்பதில்லை, வினாத்தாளை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன். ஆனால் வைகைக்கரை, எனக்கும் ஒரு சந்தேகம் உண்டு. பார்க்காமலேயே இருந்தால் நான் முன்னேறுகிறேனா இல்லையா என்பதை எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

நிலக்கோட்டை_நூலகம் எழுதியது:

அக்கா கேட்டதுதான் சரியான கேள்வி. நான் செய்ததைச் சொல்கிறேன், இரண்டு பேரும் அடுத்த தேர்வில் செய்து பாருங்கள்.

ஒவ்வொரு கேள்விக்கும் நிழலிடும்போதே ஒரு குறி. உறுதியாகத் தெரிந்தால் குறி வேண்டாம். இரண்டு விடைகளில் ஒன்று என்று சந்தேகமாக இருந்தால் ஒரு புள்ளி. சுத்தமாகத் தெரியாமல் போட்டால் ஒரு பெருக்கல் குறி. வீட்டுக்கு வந்து திருத்தும்போது மூன்றையும் தனித்தனியாக எண்ணுங்கள். உறுதியாகப் போட்டுச் சரியானவை எத்தனை என்பதை மட்டும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். அதில் அதிர்ஷ்டம் கிட்டத்தட்ட இல்லை. நீங்கள் முன்னேறுகிறீர்களா என்று அந்த எண்தான் சொல்லும்.

திண்டுக்கல்_பூட்டு எழுதியது:

ஒன்று கவனியுங்கள். உண்மைத் தேர்வில் வினாத்தொகுப்பில் விடைகளைக் குறிக்கக் கூடாது என்று முகப்பிலேயே போட்டிருக்கும். புள்ளி வைத்துப் பழகிவிட்டு அங்கேயும் கை போய்விடப் போகிறது.

நிலக்கோட்டை_நூலகம் எழுதியது:

நல்ல வேளை சொன்னீர்கள், நான் விட்டுவிட்டேன். வினாத்தாளில் வேண்டாம். தனியாக ஒரு வெள்ளைத் தாள் வைத்து, சந்தேகமான கேள்வியின் எண்ணை மட்டும் அதில் எழுதுங்கள். மாதிரித் தேர்வில் மட்டும்தான் இது. கடைசி இரண்டு தேர்வுகளை அந்தத் தாளும் இல்லாமல் எழுதிப் பழகுங்கள், ஏனென்றால் குறி எழுத மூன்று நான்கு நிமிடம் போகும்.

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று அடுத்த முழுத் தேர்வு. வாத்தியார் சார் கேட்டதற்கு: ஆமாம், நான் சொன்ன நான்கும் முழுத் தேர்வுதான்.

தாளில் எண்களை எழுதிக்கொண்டே எழுதினேன். முடிவு இப்படி. உறுதியாகப் போட்டது 124, அதில் சரி 107. இரண்டில் ஒன்று என்று போட்டது 36, சரி 17. தெரியாமல் போட்டது 40, சரி 8. மொத்தம் 132. ரேங்க் 99.

எனக்கு அதிர்ச்சியாக இருந்தது அந்த 40 இல்லை. உறுதியாகத் தெரியும் என்று நினைத்துப் போட்டதில் 17 தவறு. இத்தனை நாள் டிஸ்கஷன் வகுப்பில் எனக்குத் தெரியாத கேள்விகளுக்குத்தான் காது கொடுத்தேன். "தெரிந்த" கேள்விகளுக்கு விடை சொல்லும்போது கவனிக்கவே இல்லை.

நிலக்கோட்டை_நூலகம் எழுதியது:

அந்த 17-ஐ ஒவ்வொன்றாக எடுத்து, ஏன் தவறியது என்று பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். பாடப்பெயர் எழுத வேண்டாம், காரணம் எழுதுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

எழுதினேன். இரண்டு மணி நேரம் ஆனது. ஆறு கேள்வி "பொருந்தாதது எது", "தவறான கூற்று எது" என்று கேட்டது. அவசரத்தில் சரியானதைத் தேடிப் போட்டிருக்கிறேன். ஏழு கேள்வி தமிழில், நூலையும் ஆசிரியரையும் மாற்றிப் போட்டவை. அடைமொழிகளும் அப்படித்தான். எல்லாம் நான் முடித்துவிட்டதாக டிக் போட்ட 9ஆம், 10ஆம் வகுப்புப் பாடங்கள். மீதி நான்கு திறனறிவில் கணக்கு சரியாகப் போட்டு கடைசி வரியில் தவறவிட்டவை. தனிவட்டியில் மாதத்தை வருடமாக மாற்ற மறந்தது மட்டும் இரண்டு.

கணக்கு_வாத்தியார் எழுதியது:

பாருங்கள், 11ஆம் வகுப்பு அரசியல் அறிவியல் இதில் எங்கேயும் இல்லை. தாவினால் இந்த 17-இல் ஒன்றுகூடத் திருந்தியிருக்காது.

தமிழ் ஏழுக்கு ஒரு வார்த்தை. தமிழ்ப் பகுதி 100 கேள்வி, 150 மதிப்பெண். அதில் 60 வாங்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். உங்களுக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண் என்பது எல்லாப் பகுதிக்கும் ஒன்றுதான். ஒரு முறை படித்து மாற்றிப் போடுகிற ஏழைத் திருத்துவது, புதிதாக ஒரு புத்தகம் படித்து ஏழு வாங்குவதைவிட எவ்வளவோ எளிது. குழப்பிய இரண்டு பெயர்களையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் படியுங்கள், தனித்தனியாகப் படித்தால் திரும்பவும் குழம்பும். வட்டிக் கணக்குக்கு, கேள்வியைப் படித்ததும் முதலில் காலத்தை வருடத்தில் எழுதிவிட்டுத்தான் வேறு எதையும் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல்பெஞ்ச் எழுதியது:

இது நல்ல முறைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் 40 கேள்வி தெரியாமல் போட்டீர்கள், முன்பெஞ்சில் இருப்பவர் அதே தாளில் 12தான் போட்டிருப்பார். அந்த 28 கேள்வி எந்தப் பாடத்திலிருந்து வந்தது என்று அவரிடம் கேட்காமல் எப்படித் தெரியும்? ஒப்பீட்டை ஒதுக்கினால் இதுவும் போய்விடும்.

நிலக்கோட்டை_நூலகம் எழுதியது:

இதை நான் மறுக்க மாட்டேன். ஹாலில் பாதிப் பேருக்கு மேல் சரியாக எழுதிய கேள்வி உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அது கட்டாயம் கவனிக்க வேண்டியது. டிஸ்கஷனில் ஆசிரியர் "யார் யார் சரி?" என்று கை தூக்கச் சொல்லும்போது திரும்பிப் பாருங்கள். நிறையக் கை எழுந்தால் அந்தக் கேள்வி எண்ணைச் சுழியுங்கள். நாலைந்து கைதான் எழுந்தது என்றால் விட்டுவிடுங்கள், அது இப்போதைக்கு உங்களுக்கானது இல்லை. எனக்கு ஒரு தாளில் பத்துப் பன்னிரண்டு கேள்விகள்தான் சுழியும். பாடத்திட்டத்தில் நான் நிற்கிற இடத்தை விட்டு நகராமலே அதை வாரக் கடைசியில் பார்த்துவிட முடிந்தது.

ஆனால் வெட்கம் உங்களை எழுப்பியது, வைகைக்கரையைத் திசை மாற்றியது. ஒரே பட்டியல்தான். யாருக்கு எது நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஞாயிறு_டெஸ்ட் எழுதியது:

நானும் எண்ணிப் பார்த்தேன். உறுதியாகப் போட்டது 81 மட்டும், ஆனால் அதில் 76 சரி. தெரியாமல் போட்டதுதான் மிக அதிகம். அப்படியென்றால் நான் படித்தது நன்றாகத்தான் நிற்கிறது, படிக்காதது இன்னும் நிறைய இருக்கிறது, அவ்வளவுதான். இதை என் கணவரிடம் காட்டினேன். இதுவரை ரேங்க் மட்டும் கேட்டு உதட்டைப் பிதுக்குவார், நேற்று உட்கார்ந்து முழுதாகக் கேட்டார்.

வைகைக்கரை, உங்கள் நிலையும் என் நிலையும் வேறு. உங்களுக்குப் படித்ததைத் திருத்த வேண்டும், எனக்குப் புதிதாகப் படிக்க வேண்டும். ரேங்க் பட்டியலில் இரண்டு பேருமே "பின்னால் இருப்பவர்கள்".

வைகைக்கரை எழுதியது:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். 8ஆம் வகுப்பு அறிவியலுக்கே திரும்பிப் போய் முடித்துவிட்டேன். தினமும் காலையில் முக்கால் மணி நேரம் அந்த 17 மாதிரியான தவறுகளுக்கு மட்டும்.

நேற்றைய தேர்வு: உறுதியாகப் போட்டது 126, சரி 114. இரண்டில் ஒன்று 38, சரி 15. தெரியாமல் 36, சரி 6. மொத்தம் 135. ரேங்க் 103.

போன தடவை 99, இந்தத் தடவை 103. முன்பு என்றால் அன்றைக்கே புத்தகத்தை மாற்றியிருப்பேன். 107-லிருந்து 114 ஆனதைத்தான் அப்பாவிடம் சொன்னேன். "அது என்னம்மா 114?" என்று கேட்டார், விளக்கினேன், முழுதாகப் புரிந்ததா தெரியவில்லை. கடைசியில் "சரி, ரேங்க் எத்தனை?" என்றார்.

தோழி விஷயம்தான் இன்னும் சரியாகவில்லை. இரவு பதினொன்றரை வரை அவள் விளக்குப் போட்டுப் படிப்பாள், நான் பத்தரைக்குப் படுத்துக் காலை ஐந்துக்கு எழுகிறவள். படுத்தாலும் தூக்கம் வருவதில்லை, அவள் பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அவளிடம் சொல்லவும் தயக்கம், அவள் என்னிடம் அன்பாகத்தான் இருக்கிறாள்.

முதல்பெஞ்ச் எழுதியது:

விடுதியில் ரீடிங் ரூம் இருந்தால் அவரைப் பத்தரைக்கு மேல் அங்கே போகச் சொல்லுங்கள். வெளிப்படையாகக் கேளுங்கள், ரேங்க் பற்றிப் பேசாமல் தூக்கம் என்று மட்டும் சொல்லுங்கள்.

ஞாயிறு_டெஸ்ட் எழுதியது:

அந்தப் பெண்ணும் உங்களைப் பார்த்துக் காலை ஐந்துக்கு எழ முடியவில்லையே என்று வருந்திக்கொண்டிருக்கலாம். கேட்டுப் பாருங்கள்மா. அப்புறம் "தவறான கூற்று எது" கேள்விகள் இந்த முறை எத்தனை தவறியது? எனக்கு இன்னும் அதில்தான் மூன்று போகிறது.

வைகைக்கரை எழுதியது:

இந்த முறை இரண்டு, அக்கா. "தவறான", "பொருந்தாத" என்ற சொல்லைப் படித்ததும் விரலை அந்தச் சொல்லின் மேலேயே வைத்துக்கொண்டு நான்கு விடைகளையும் படிக்கிறேன். குறி எதுவும் போட வேண்டியதில்லை, உண்மைத் தேர்விலும் செய்யலாம். தோழியிடம் இன்று இரவு பேசுகிறேன்.